நான்கே இடமாற்றத்தில் எட்டு எண்கள்

அர்டுயினோ யூனோ என்ற சின்னப் பலகையைப் பொறியியல் மாணவர்கள் பலரும் கையில் எடுத்திருப்பார்கள். அதன் நடுவே இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்குள் 1,024 பைட் அளவுக்கு ஒரு நினைவகம் உண்டு. ஈஈப்ராம் என்பார்கள். மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது; அதுதான் அதன் சிறப்பு.

அந்த நினைவகத்தில் ஒரு பைட்டைப் படிக்க ஏறத்தாழ கால் மைக்ரோ விநாடி போதும். அதே பைட்டை எழுத 3.3 மில்லி விநாடி ஆகும். அதாவது 13,000 மடங்குக்கும் மேல். படிப்பதற்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எழுதுவதற்கு மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும்.

நேரம் மட்டுமல்ல, தேய்மானமும் இருக்கிறது. இந்த நினைவகத்தில் ஒவ்வொரு அறையும் மின்னூட்டத்தைச் சிறைபிடித்து வைக்கும் ஒரு கூடு. எழுதும்போதும் அழிக்கும்போதும் எலெக்ட்ரான்களை மெல்லிய காப்புப் படலத்தின் வழியாக வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டும். தள்ளத் தள்ள அந்தப் படலம் பழுதாகிறது. இந்தச் சிப்புக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் அறைக்கு 1,00,000 எழுத்துகள். படிப்பதால் இந்தத் தேய்மானம் ஏற்படுவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் எண்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால் எந்த முறையில் அடுக்குவது? கல்லூரியில் 'மெதுவான முறை' என்று ஒதுக்கிவைக்கிற செலக்‌ஷன் சார்ட் இங்கேதான் கைகொடுக்கிறது.

முறை எளிது. முழு வரிசையையும் பார்த்து மிகச் சிறிய எண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி. அதை முதல் அறையில் இருப்பதோடு இடம் மாற்று. பிறகு இரண்டாம் அறையிலிருந்து பார்த்து, மிச்சத்தில் சிறியதை இரண்டாம் அறைக்குக் கொண்டுவா. கடைசி வரை இப்படியே. தேடும்போது படிப்பது மட்டும்தான். எழுதுவது கடைசியில் ஒரே ஒரு முறை.

எட்டு எண்களை எடுத்துக்கொள்வோம்: 52, 88, 17, 61, 9, 34, 73, 25. முதல் சுற்றில் 9 கிடைக்கிறது. அது 52-உடன் இடம் மாறுகிறது. அடுத்து 17, 88-உடன் மாறுகிறது. மூன்றாம் அறையில் இப்போது இருப்பதும் அந்த 88-தான். அது கடைசியில் இருக்கும் 25-உடன் மாறுகிறது. நான்காவதாக 61-உம் 34-உம் மாறுகின்றன. வரிசை முடிந்துவிட்டது. மீதிச் சுற்றுகளில் எண்கள் ஏற்கெனவே தம் இடத்தில் இருப்பதால் எழுத வேலையில்லை. ஒப்பிட்டது 28 முறை; இடம் மாற்றியது 4 முறை, அதாவது 8 எழுத்துகள்.

இதே எண்களைப் பபிள் சார்ட்டில் போட்டுப் பாருங்கள். அது பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டுமே மாற்றும். பெரியது முன்னாலும் சிறியது பின்னாலும் நிற்கும் ஜோடிகள் இந்த வரிசையில் 16 இருக்கின்றன. ஒரு மாற்றத்துக்கு ஒரு ஜோடிதான் சரியாகும். ஆகவே 16 இடமாற்றம், 32 எழுத்துகள். 88 தன் இடத்துக்குப் போய்ச் சேர ஒவ்வோர் அறையாக ஏறி இறங்குகிறது.

நான்குக்கும் குறைவாக எந்தக் கெட்டிக்காரராலும் முடியாது. ஏன் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வோர் எண்ணிடமும் 'உன் இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்?' என்று கேளுங்கள். 52-இன் இடம் ஐந்தாம் அறை; அங்கே 9. அந்த 9-இன் இடம் முதல் அறை, அங்கே 52. வளையம் மூடிக்கொண்டது. 88-இன் இடத்தில் 25, 25-இன் இடத்தில் 17, 17-இன் இடத்தில் 88: மூவர் கொண்ட வளையம். 61-உம் 34-உம் ஒருவர் இடத்தில் ஒருவர். 73 தன் இடத்திலேயே இருப்பதால் தனியாள் வளையம். ஆக மொத்தம் நான்கு வளையங்கள்.

அடுக்கி முடித்த வரிசையில் எல்லோரும் தனித்தனி, எட்டு வளையங்கள். எந்த இரண்டு எண்களை இடம் மாற்றினாலும் வளையங்களின் எண்ணிக்கை ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும். அதற்கு மேல் நகராது. நான்கிலிருந்து எட்டுக்குப் போக நான்கு மாற்றமாவது வேண்டும். செலக்‌ஷன் சார்ட் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஓர் எண்ணை அதன் சொந்த இடத்தில் நிரந்தரமாக உட்கார வைப்பதால், ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் கட்டாயம் பிரிகிறது. ஒரு மாற்றம்கூட வீணாவதில்லை. எண்கள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும்வரை இந்தக் கணக்கு பிசகாது. 100 எண்கள் இருந்தால் அதிகபட்சம் 99 மாற்றம்.

நிரலில் எழுதினால் இவ்வளவுதான்:

```
for (int i = 0; i < n - 1; i++) {
  int m = i;
  for (int j = i + 1; j < n; j++)
    if (EEPROM.read(j) < EEPROM.read(m)) m = j;
  if (m != i) {
    byte t = EEPROM.read(i);
    EEPROM.write(i, EEPROM.read(m));
    EEPROM.write(m, t);
  }
}
```

`if (m != i)` என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் தன் இடத்திலேயே இருக்கும் எண்ணும் தன்னோடு தானே இடம் மாறி, இரண்டு எழுத்துகளை வீணாக்கும். விடை சரியாகவே வரும் என்பதால் பிழை கண்ணில் படாது.

இடமாற்றம் குறைவு என்பதும் தேய்மானம் குறைவு என்பதும் எப்போதும் ஒன்றல்ல. அடுக்கி வைத்த வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு மிகச் சிறிய எண் சேர்கிறது என்று வையுங்கள்: 17, 25, 34, 52, 9. முதலில் 9-உம் 17-உம் மாறுகின்றன. 17 கடைசி அறைக்குப் போகிறது. பிறகு 17-உம் 25-உம், 25-உம் 34-உம், 34-உம் 52-உம். நான்கு மாற்றத்திலும் ஐந்தாம் அறை அடிவாங்குகிறது. 100 எண்கள் இருந்தால் அந்த ஓர் அறை மட்டும் 99 முறை எழுதப்படும். மணிக்கு ஒருமுறை இப்படி நடந்தால், ஒரு லட்சம் என்ற வரம்பை அந்த அறை ஆறு வாரத்தில் தொட்டுவிடும்; அக்கம்பக்கத்து அறைகள் புத்தம் புதிதாகவே இருக்கும்.

இதற்கு மாற்று, சைக்கிள் சார்ட். வளையத்தில் ஓர் எண்ணைக் கையில் எடுத்து, அதைவிடச் சிறியவை எத்தனை என்று எண்ணி, அதன் இடத்தில் நேராக எழுதிவிட்டு, அங்கே இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது. ஓர் அறைக்கு ஒரு எழுத்துக்கு மேல் கிடையாது. நம் எட்டு எண்களுக்கு இது 7 எழுத்துகளில் முடியும். செலக்‌ஷன் சார்ட்டுக்கு 8 ஆனது.

எண்கள் எல்லாம் சாதாரண ராம் நினைவகத்தில் அடங்கிவிடும் என்றால் இந்த இரண்டு முறையும் தேவையில்லை. யூனோவில் 2,048 பைட் ராம் இருக்கிறது. 100 பைட்டை அங்கே படித்து எடுத்து, எந்த முறையிலாவது அடுக்கி, `EEPROM.update()` கொண்டு திருப்பி எழுதுங்கள். மதிப்பு மாறிய அறையை மட்டுமே அது தொடும். ராமில் இடம் போதாதபோது, எண்களும் சில நூறுக்குள் இருக்கும்போது, செலக்‌ஷன் சார்ட்டை எடுங்கள்; கடைசி அறையின் மேல் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள்.