நல்லூர்க் கந்தனைக் காண நாகைத் துறைமுகத்தில்...

நாகப்பட்டினத்திற்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல் சேவை, சில நாட்களில் நின்றுபோய், 2024 ஆகஸ்டு 16 முதல் 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் நடைபெறலாயிற்று. சுமார் நான்கு மணி நேரத்தில் மறுகரை சேரலாம் என்பதால், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் பெருந்திருவிழாவைக் காண விழையும் அன்பர்களுக்கு இது எளிய வழியாகும். ஆயினும் கடல்வழிப் பயணம் துறைமுக வாயிலிலேயே தடைப்பட்டுவிடக் கூடும். கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றின் அனுபவம் இதனை நன்கு விளக்கும்.

தாத்தா, பாட்டி, பத்து வயதுப் பேத்தி என மூவர். கப்பல் புறப்படுவது மறுநாள் காலை. முந்தின நாள் மாலையே நாகை இரயில் நிலையத்தில் இறங்கிய அவர்கள், "ஹார்பர் போகவேண்டும்" என்று ஆட்டோக்காரரிடம் கூறினர். அவர் அழைத்துச் சென்றது கடுவையாற்றின் தென்கரையில் உள்ள அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்திற்கு. விசைப்படகுகளும் வலைகளும் ஐஸ் பெட்டிகளுமாக இருந்த அவ்விடத்தைக் கண்டதும் தாத்தா திகைத்தார். அங்கிருந்த மீனவர் ஒருவர், "ஐயா, இலங்கைக் கப்பலா? அது ஆத்துக்கு வடகரையிலே. பழைய துறைமுகம்னு கேளுங்க" என்று வழிகாட்டினார்.

நாகையில் 'ஹார்பர்' என்றால் பலருக்கும் மீன்பிடித் துறைமுகமே நினைவுக்கு வரும். ஆகவே "இலங்கைக் கப்பல் புறப்படும் பயணிகள் முனையம்" என்று முழுமையாகக் கூறுதல் வேண்டும். இரயில் நிலையத்திலிருந்து செல்வோர் ஆற்றுப் பாலத்தைக் கடக்க நேர்ந்தால், வழி தவறியதென்று உடனே அறிந்துகொள்ளலாம். மாலையானதால் அக்குடும்பத்திற்கு இழப்பு அரைமணி நேரமே. விடியற்காலையில் நேர்ந்திருந்தால் அந்த அரைமணி பெரிதாகியிருக்கும்.

சரியான வாயிலைப் பார்த்து வைத்துக்கொண்டு, காயாரோகண சுவாமியையும் நீலாயதாட்சி அம்மனையும் தரிசித்தபின் அவர்கள் விடுதிக்குத் திரும்பினர். இரவு உணவுக்குப் பின் பாட்டி எல்லா ஆவணங்களையும் பாயில் பரப்பினார். ஒவ்வொருவருக்கும் மூன்று தாள்கள்: கடவுச்சீட்டு, கப்பல் பயணச்சீட்டு, இலங்கை அரசின் eta.gov.lk தளத்தில் பெற்ற இ.டி.ஏ. எனப்படும் வருகை அனுமதி. மூன்றையும் அருகருகே வைத்து, பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்.

பேத்தியின் இ.டி.ஏ.வில் பிழை இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டின் எண்ணில் முதலில் மட்டும் ஓர் ஆங்கில எழுத்து. தொடர்ந்து வருவன ஏழு இலக்கங்கள். பேத்தியின் எண்ணில் இரண்டாம் இடத்தில் இருந்த பூச்சியத்தை, விண்ணப்பத்தில் யாரோ 'ஓ' என்னும் எழுத்தாகத் தட்டச்சு செய்திருந்தனர். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும் கணினிக்கு அது வேறொரு கடவுச்சீட்டு. அவ்வனுமதி செல்லாது.

அன்றிரவே சரியான எண்ணுடன் புதிதாக விண்ணப்பித்தனர். விடியுமுன் ஒப்புதல் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. எனினும் இவ்வளவு விரைவாக எப்போதும் வரும் என நம்பியிருத்தல் கூடாது. ஊரிலேயே ஒப்பிட்டிருந்தால் அந்தக் கவலையே நேர்ந்திராது.

கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களேனும் கடவுச்சீட்டு செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்து ஆண்டுகள் செல்லும். சிறுவர்களுடையதோ பொதுவாக ஐந்தே ஆண்டுகள். குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் எடுத்திருந்தாலும் குழந்தையுடையது முதலில் காலாவதியாகிவிடும். பாட்டி அதையும் பார்த்தார். பேத்தியுடையதில் பதினோரு மாதங்கள் எஞ்சியிருந்தன.

மறுநாள் பயணச்சீட்டில் குறித்த நேரத்திற்கு முன்பே அவர்கள் வாயிலை அடைந்தனர். நுழைவிலேயே பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் பார்க்கப்பட்டன. பின்னர்ப் பயணப்பொதிச் சோதனை. அடுத்து, கப்பல் நிறுவனத்தின் மேசையில் இ.டி.ஏ.வைச் சரிபார்த்த பின்னரே ஏறும் அட்டை வழங்கினர். மறுகரையில் அனுமதி மறுக்கப்பட்டவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு கப்பலையே சாரும் என்பதால், அங்கே தளர்வு காட்டுவதில்லை. இறுதியாகக் குடிநுழைவும் சுங்கமும். ஒரு தாளுக்கேனும் அவர்கள் பையைத் துழாவ நேரவில்லை.

வானிலையால் புறப்பாடு மாறுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல் சீறும் காலத்தில் சேவை நிற்கலாம். ஆதலின் புறப்படுமுன் நிறுவனத்தாரிடம் உறுதிசெய்துகொள்ளல் நன்று.

மாவிட்டபுரத்துக் காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்து இறங்கிய துறையாதலால் காங்கேசன்துறை எனப் பெயர் பெற்றது என்பது மரபு. அத்துறையில் பேத்தியின் கைபிடித்து இறங்கிய அம்முதியோர், முதலில் மாவிட்டபுரத்தையும், பின்னர் நல்லூரையும் நோக்கிச் சென்றனர்.