உஷார்! படி இறங்கும்போது முட்டி வலிக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை 16 கிலோமீட்டர் ஓடி முடித்தபோது நண்பர் ஒருவருக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு எழுந்தவர், நாற்காலியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். முட்டிச் சில்லைச் சுற்றி மந்தமான வலி. 'இந்த இடம்தான்' என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மாடிப்படி இறங்கும்போது இன்னும் மோசம்.

முட்டியை மடக்கும்போதெல்லாம் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. அந்த அழுத்தம் தாங்கும் அளவை மீறினால் இந்த வலி வரும். பெரும்பாலும் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. "தேய்மானம் வந்துவிட்டதோ" என்று பயப்படுவதற்கு முன், ஓட்டக் கணக்கைப் பாருங்கள். நண்பர் வாரம் 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர். மாரத்தானுக்குப் பேர் கொடுத்த வேகத்தில் இரண்டே வாரத்தில் அதை 32 ஆக்கியிருந்தார். அதுவும் பாதி தூரம் ஒரே நாளில்! வலி வந்த பிறகும் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தார். அதை மட்டும் செய்யாதீர்கள். நிறுத்தச் சொல்லும் மணியின் நாக்கைக் கட்டிவைப்பது போல அது.

ஓட்டத்தை அடியோடு விட வேண்டியதில்லை. அவர் 32 கிலோமீட்டரை 12 ஆக்கினார்: வாரம் நான்கு நாள், தலா 3 கிலோமீட்டர், சமதரையில், நிதானமாக. மேம்பாலம் வேண்டாம், இறக்கம்தான் சில்லுக்கு எமன். பத்துக்கு எத்தனை வலி என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொண்டார். ஓடும்போது மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பாதகமில்லை. மறுநாள் படியில் வலி கூடியிருந்தால் அடுத்த ஓட்டத்தில் தூரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு வாரம் அமைதியாகப் போன பிறகுதான் 14 ஆனது. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் அவர் கூட்டவில்லை.

கூடவே, வாரம் மூன்று நாள் பயிற்சி. சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை மடக்காமல் தூக்க வேண்டும். குதிகால் சுவரை உரசியபடியே போகட்டும்; விலகினால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு வேலை குறைந்துவிடும். அடுத்து, தாழ்வான படியில் ஒற்றைக்காலில் நின்று மறு குதிகாலால் தரையை மெல்லத் தொட்டு எழுவது. நண்பர் கண்ணாடி முன் செய்தபோதுதான், முட்டி உள்பக்கமாகச் சாய்வதையே முதல்முறை பார்த்தார். சாய்ந்தால் இன்னும் தாழ்வான படிக்கு மாறுங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று சுற்று. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.

முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று மடங்கிப்போனாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.