நிஃப்டி நகராத வாரத்தில் காசு பார்ப்பது எப்படி?

ஆப்ஷன் வாங்குபவருக்கு விலை ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். இரண்டும் நடக்காமல் சந்தை ஒரே இடத்தில் சுற்றினால் அவர் கட்டிய பிரீமியம் தினமும் கரையும். அந்தக் கரைசலையே வருமானமாக்கப் பார்ப்பதுதான் காலண்டர் ஸ்பிரெட். ஒரே ஸ்ட்ரைக்கில் கிட்டத்து எக்ஸ்பயரி ஆப்ஷனை விற்று, தூரத்து எக்ஸ்பயரி ஆப்ஷனை வாங்க வேண்டும். கிட்டத்தது வேகமாகவும் தூரத்தது மெதுவாகவும் கரையும். அந்த வித்தியாசம்தான் லாபம்.

ஏன் இந்த வித்தியாசம்? ஸ்ட்ரைக்கும் சந்தை விலையும் ஒன்றாக இருக்கும்போது, பிரீமியம் மீதமுள்ள நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் நகரும். நாட்கள் நான்கு மடங்கானால் பிரீமியம் இரண்டு மடங்குதான் ஆகும். நிஃப்டி 25,000-ல் இருக்கிறது, வோலட்டிலிட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 7 நாளில் முடியும் 25,000 கால் சுமார் 166 புள்ளி. 28 நாளில் முடியும் கால் சுமார் 332. கிட்டத்ததை விற்று தூரத்ததை வாங்கினால் நம் கையிலிருந்து போவது 166 புள்ளி.

ஒரு வாரம் கழித்து நிஃப்டி அதே 25,000-ல் நிற்கிறது. விற்ற ஆப்ஷன் பூஜ்ஜியம். வாங்கியதற்கு இன்னும் 21 நாள் இருப்பதால் அதன் விலை சுமார் 288. அதை விற்றால் 122 புள்ளி லாபம். நிஃப்டி 25,500-க்குப் போயிருந்தால் கதை வேறு. விற்ற காலுக்கு 500 கொடுக்க வேண்டும், கையில் உள்ளது சுமார் 605 பெறும். மிச்சம் 105, போட்டது 166. எந்தப் பக்கம் ஓடினாலும் நஷ்டம்தான். கணக்குப் போட்டால், இருபுறமும் ஏறக்குறைய 290 புள்ளிவரை தாக்குப்பிடிக்கலாம்.

பலர் கவனிக்காத இடம் இது. 12 சதவீத வோலட்டிலிட்டி என்றாலே, மூன்றில் இரண்டு வாரம் நிஃப்டி 415 புள்ளிக்குள் நிற்கும் என்பதே சந்தையின் கணிப்பு. நமக்கு வேண்டிய 290 அதைவிடக் குறுகலானது. ஆக, கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்குப் பாதிதான். அனுகூலம் வர வேண்டுமானால் சார்ட்டிலிருந்து வர வேண்டும்.

சார்ட்டில் நான் முதலில் பார்ப்பது கடந்த மூன்று, நான்கு வாரங்களின் முடிவு விலைகள். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் குறைந்தது இரண்டிரண்டு முறையாவது தொட்டுத் திரும்பியிருக்க வேண்டும். 20 நாள் சராசரிக் கோடு படுத்தே கிடக்க வேண்டும். எல்லைகள் 24,750, 25,250 என்றால் நம் 290-க்குள் அடங்குகிறது. ஸ்ட்ரைக்கை நடுவில் வைக்கலாம். எல்லைகள் 24,500, 25,500 என்றால் சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வியாபாரம் வேண்டாம். இன்னொரு வகை அமைதியும் உண்டு: நாளுக்கு நாள் ஆட்டம் சுருங்கி, போலிஞ்சர் பட்டைகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வரும். பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் எல்லைகளைத் தொட்டுத் திரும்பிய வரலாறு அதற்கு இல்லை. அப்படிச் சுருங்கியது பல சமயம் ஒரே நாளில் வெடித்துக் கிளம்பும். எனக்குச் சுருங்கும் சார்ட்டைவிட, எல்லைக்குள் நன்றாக ஆடித் திரும்பும் சார்ட்டே மேல்.

சார்ட்டில் தெரியாத ஒன்றும் உண்டு. ரிசர்வ் வங்கிக் கொள்கை அறிவிப்போ பட்ஜெட்டோ அந்த வாரத்தில் வந்தால் கிட்டத்து ஆப்ஷன் வழக்கத்தைவிட விலை கூடி நிற்கும். விற்பவருக்கு அது ஆசை காட்டும். சந்தை சும்மா விலை கூட்டுவதில்லை. அறிவிப்பு முடிந்ததும் பொதுவாக வோலட்டிலிட்டி இறங்கும், அப்போது தூரத்து ஆப்ஷனும் அடி வாங்கும். மேலே சொன்ன உதாரணத்தில் 12 சதவீதம் 10 ஆகக் குறைந்தால் 288 என்பது 240 ஆகிவிடும். நிஃப்டி ஒரு புள்ளிகூட நகராமலே லாபத்தில் 48 போய்விடும். அதனால் இந்தியா விக்ஸ் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும்போது காலண்டர் போடுவது நல்லதல்ல.

வெளியேறும் நாளும் முக்கியம். விற்ற ஆப்ஷன் முதல் நாளில் 12 புள்ளிதான் கரையும். கடைசி நாளில் மட்டும் 63. எக்ஸ்பயரிக்கு முந்தைய நாளே முடித்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 66 புள்ளி, அதாவது முழு லாபத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். மீதிக்காகக் காத்திருக்கலாம், ஆனால் அன்று நிஃப்டியின் சிறு அசைவும் விற்ற ஆப்ஷனைத் தூக்கி அடிக்கும். போதாததற்கு, 2025 பிப்ரவரியிலிருந்து எக்ஸ்பயரி நாளில் முடிவடையும் ஒப்பந்தத்துக்குக் காலண்டர் ஸ்பிரெட் மார்ஜின் சலுகை கிடையாது என்று செபி விதித்திருக்கிறது. வாங்கிய ஆப்ஷன் கையில் இருந்தாலும், அன்று விற்றதற்குத் தனி மார்ஜின் கட்டப் பணம் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரகு நிறுவனமே, நாம் விரும்பாத விலையில், கணக்கை முடித்துவிடக்கூடும்.