முதல் வாரம் 4 ஸ்கூப் 'லோடிங்' போடாவிட்டால் கிரியேட்டின் ஏறாதா? தினம் 3 கிராம் போதும், 28 நாளில் அதே அளவு நிரம்பும்

கும்மிடிப்பூண்டி:

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் பக்கம் ஷிப்ட் முடிந்ததும் ஜிம்முக்கு போகும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "முதல் வாரம் தினம் 4 ஸ்கூப் அடிக்கணும். லோடிங் பண்ணாம விட்டா பவுடரு வேஸ்ட்டு."

இதை நம்பி, சம்பளம் வாங்கியதும் டப்பா வாங்கி, ஒரே வாரத்தில் பாதியை காலி செய்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைபவர்கள் உண்டு. லோடிங் என்றால் என்ன? அதை விட்டுவிட்டால் தசையில் கிரியேட்டின் நிரம்பாதா?

தசைக்குள் ஒரு தொட்டி

கிரியேட்டின் மருந்து அல்ல, ஸ்டீராய்டும் அல்ல. நம் உடம்பே தினமும் சுமார் 1 கிராம் தயாரிக்கிறது. மீன், கறி சாப்பிடுபவர்களுக்கு அதிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. இதில் 100-க்கு 95 பங்கு தசையில்தான் சேருகிறது.

கனமான எடையை ஒரே மூச்சில் தூக்கும்போது முதல் சில வினாடிகளுக்கு தேவைப்படும் சக்தியை இந்த சேமிப்புதான் உடனே கொடுக்கிறது. அதனால்தான் இது நிரம்பி இருந்தால் 8 தடவை தூக்குபவர் 9 அல்லது 10 தடவை தூக்க முடிகிறது. ஆனால் 8 மணி நேர ஷிப்ட் களைப்பை இது போக்காது. அதற்கு சாப்பாடும் தூக்கமும்தான் வழி.

சுமார் 70 கிலோ எடை உள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். இதை மாடியில் இருக்கும் தண்ணீர் தொட்டி போல நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி முழுசாக நிரம்பி இல்லை, மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. அடியில் சின்ன கசிவும் உண்டு. தினமும் சுமார் 2 கிராம் கிரியேட்டினினாக மாறி சிறுநீரில் போய்விடுகிறது. உடம்பு தயாரிப்பதும் சாப்பாட்டில் வருவதும் இந்த கசிவுக்கு சரியாகப் போய்விடுகிறது. அதனால் தொட்டி அதே மட்டத்தில் நிற்கிறது.

மேலே காலியாக இருக்கும் இடத்தை பவுடர் மூலம் நிரப்புவதுதான் நோக்கம். மோட்டார் போட்டு சீக்கிரம் நிரப்புவது லோடிங். தினம் 20 கிராமை நாலு வேளையாக பிரித்து, வேளைக்கு 5 கிராம் வீதம் 5 அல்லது 6 நாள் சாப்பிடுவது. சின்ன குழாயைத் திறந்துவிட்டு மெல்ல நிரப்புவது இன்னொரு வழி. தினம் 3 கிராம் மட்டும்.

சுவீடனில் ஊசி குத்தி பார்த்தார்கள்

எந்த வழி சரி என்பதை வாய்ப்பேச்சாக இல்லாமல் தசையையே எடுத்து சோதித்துப் பார்த்தவர்கள் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் எரிக் ஹல்ட்மேன் குழுவினர். அவர்களின் முடிவு 1996-ல் வெளியானது. மொத்தம் 31 ஆண்கள் கலந்துகொண்டார்கள். தொடையில் ஊசி குத்தி துளியூண்டு தசை எடுத்து, அதில் கிரியேட்டின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள்.

தினம் 20 கிராம் வீதம் 6 நாள் சாப்பிட்டவர்களுக்கு தசையில் கிரியேட்டின் சுமார் 20 சதவீதம் கூடியது. தினம் வெறும் 3 கிராம் வீதம் 28 நாள் சாப்பிட்டவர்களுக்கு? அவர்களுக்கும் அதே சுமார் 20 சதவீதம்தான் கூடியது. மெதுவாக ஏறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, லோடிங் போட்டால் ஒரு வாரம். போடாவிட்டால் நாலு வாரம். கடைசியில் நிரம்பும் அளவு ஒன்றுதான்.

மிச்சம் எங்கே போகிறது?

6 நாளில் 120 கிராம் உள்ளே போகிறது. ஆனால் தசை பிடித்துக்கொள்வது சுமார் 24 கிராம்தான். தசை கிரியேட்டினை அதிகமாக இழுப்பது முதல் இரண்டு நாள். அதற்குப் பிறகு இடம் குறையக் குறைய இழுப்பதும் குறைகிறது. தொட்டி நிரம்பி வழிவது போல மிச்சம் சிறுநீரில் போகிறது. காசும் அதோடு போகிறது.

250 கிராம் டப்பா ஒன்றை வைத்து கணக்கு போட்டுப் பார்க்கலாம். லோடிங் போடுபவருக்கு முதல் 6 நாளில் 120 கிராம் தீர்ந்துவிடும். மீதி 130 கிராம், தினம் 3 கிராம் வீதம் 43 நாள் வரும். மொத்தம் 49 நாள். லோடிங் போடாதவருக்கு அதே டப்பா 83 நாள் வரும். ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம்.

வயிறும் வெயிலும்

ஒரே வேளையில் 10 கிராம் கலக்கிக் குடித்தால் பலருக்கு வயிறு கலங்கி பேதியாகிறது. நாலு வேளை பிரித்து சாப்பிட முடியாத ஷிப்ட் தொழிலாளிகள் இரண்டே வேளையில் அடிப்பதால்தான் இந்த சிக்கல். இரும்பு உருக்கும் ஆலையில் உலை பக்கத்தில் நிற்பவருக்கு வியர்வையிலேயே தண்ணீர் போகும். அதோடு பேதியும் சேர்ந்தால் மயக்கம் வரலாம். வயிறு கலங்கினால் அளவை 3 கிராமாக குறைத்துவிடுவதே நல்லது.

லோடிங் வாரத்தில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ எடை கூடும். அது சதை அல்ல, தசைக்குள் இழுக்கப்படும் தண்ணீர். "ஒரே வாரத்துல ஏறிடுச்சு" என்று பலர் சொல்வது இதைத்தான். மெதுவாக நிரப்புபவருக்கு இது சட்டென்று தெரியாது. அதை வைத்து பவுடர் வேலை செய்யவில்லை என்று நினைக்கக் கூடாது.

ஒரு நாள் விட்டால்?

நைட் ஷிப்டில் ஒரு நாள் மறந்துவிட்டால் பரவாயில்லை. சாப்பிடுவதை முழுசாக நிறுத்தினாலும், தசையில் கூடிய அளவு பழைய மட்டத்துக்கு இறங்க சுமார் ஒரு மாதம் ஆகிறது. அதனால் மறுநாள் இரட்டிப்பாக அடிக்க வேண்டியதில்லை. ஸ்கூப் அளவு டப்பாவுக்கு டப்பா மாறும் என்பதால், ஒரு ஸ்கூப் எத்தனை கிராம் என்று லேபிளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் பெரிய உடம்பாக இருந்தால் 5 கிராம் வரை போகலாம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறுவதும் இல்லை. சைவ சாப்பாட்டுக்காரர்களுக்கு தொட்டியில் காலி இடம் அதிகம், அதனால் நன்றாக ஏறும். ஏற்கனவே ஏறக்குறைய நிரம்பி இருப்பவருக்கு லோடிங் போட்டாலும் பெரிதாக ஏறாது.

யாருக்கு லோடிங் தேவை?

அடுத்த வாரமே எடை தூக்கும் போட்டி, நாலு வாரம் காத்திருக்க நேரமில்லை என்பவருக்கு லோடிங் பிரயோஜனம். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

ஒரு எச்சரிக்கை. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் ரத்தம் எடுக்கும்போது, கிரியேட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கிட்னி நன்றாக இருந்தாலும் இந்த பவுடரால் கிரியேட்டினின் அளவு சற்று கூடுதலாகக் காட்டலாம். கிட்னி கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது.