"நான் சாப்பிட்டனா எண்டு கேக்கல்ல"

கட்டாரில் சாரதியாக வேலை செய்யும் கணவருக்கு ஒரு தாய் எழுதிய கடிதத்தை அண்மையில் வாசிக்கக் கிடைத்தது. அவரது அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் தேவையில்லை.

கடிதத்தில் பணம் பற்றி ஒரு குறையும் இல்லை. மாதாமாதம் காசு வருகிறது. அவர் எழுதியிருப்பது வேறு. கடைக்குட்டிக்கு டெங்கு என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். மற்ற இரண்டு பிள்ளைகளும் உம்மா வீட்டில். "காய்ச்சல் எத்தின, பிளேட்லட் எத்தின எண்டு நாளுக்கு நாலுதரம் கேட்டீங்க. நான் சாப்பிட்டனா, படுத்தனா எண்டு கேக்கல்ல."

தினமும் பேசுகிற மனுசனுக்கு இது ஏன் தெரியவில்லை? கடிகாரத்தைப் பாருங்கள். நமக்கும் கட்டாருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அவர் வேலை முடித்துக் குளித்துச் சாப்பிட்டு இரவு 9 மணிக்கு அழைத்தால் இங்கே 11.30. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது மனைவி மட்டும்தான். அதனால் அவரிடமே எல்லா விபரமும் கேட்கப்படுகிறது: காசு வந்ததா, மகள் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறாளா, உம்மாவுக்கு மருந்து வாங்கியாச்சா. அழைப்பு முடியும்போது மனைவி ஒரு அறிக்கை கொடுத்து முடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு இடமும் கடிதத்தில் உண்டு. ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகன் போன் கேட்டபோது உம்மா "ஓ.எல் முடியட்டும்" என்றிருக்கிறார். மகன் வாப்பாவிடம் கேட்டான். அடுத்த மாதமே ஊருக்கு வந்த ஒருவரின் கையில் போன் வந்து சேர்ந்தது. தூரத்தில் இருப்பவர் பாசத்தைப் பொருளாகத்தான் காட்ட முடியும், அது விளங்குகிறது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் உம்மாவின் "இல்லை"க்கு மதிப்பில்லை. இப்படியான பிள்ளையை வகுப்பில் கண்டுபிடிப்பது எளிது. "உம்மாவைக் கூட்டிட்டு வா" என்றால் அவன் சிரிப்பான்.

உமர் (ரழி) அவர்கள் இரவில் மதீனாவில் சுற்றி வந்தபோது, கணவன் படையில் சென்றிருந்த ஒரு பெண் தன் தனிமையைப் பாடுவதைக் கேட்டதாக அறிவிப்பு உண்டு. ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று மகள் ஹப்ஸா (ரழி) அவர்களிடம் விசாரித்து, வீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வைத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நம்மவர்களில் பலருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. ஒப்பந்தத்தைக் கணவர் தனியாக மாற்ற முடியாது. ஆனால் அந்த ஆட்சியாளர் முதலில் செய்தது, ஒரு பெண்ணின் நிலையை இன்னொரு பெண்ணிடம் கேட்டறிந்ததுதான்.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு என்றால், ஜும்ஆவுக்குப் பிறகு 2 மணிக்கு அழைக்கலாம். இங்கே 4.30, பிள்ளைகள் விழித்திருப்பார்கள். படிப்பையும் மருந்தையும் அவர்களிடமே நேரடியாகக் கேளுங்கள். பிறகு போனை மனைவியிடம் கொடுக்கச் சொல்லி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அவரது வாரம் எப்படிப் போனது என்று கேளுங்கள். மகன் மறுபடி ஏதாவது கேட்டால், "உம்மாட்ட கேட்டுட்டுச் சொல்றன்" என்று அவன் காதுபடச் சொல்லுங்கள்.