மூன்று கட்டுரை, ஒரு கேள்வி

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாக ஆய்வு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆவணக்காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் கோப்புகளைப் படிப்பவர். இன்னொருவர் அந்த ஆண்டுகளில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களின் வரலாற்றை எழுதுகிறவர். மூன்றாமவர் இலக்கியக்காரர், அந்தப் பஞ்சத்தைப் பாடிய வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ என்ற நூலை ஆராய்கிறார். மூவரும் சேர்ந்து ஒரு மாநாட்டில் ஓர் அமர்வு நடத்த விரும்புகிறார்கள்.

ஆய்வு மாநாடுகளில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசன் நகரில் 1971 முதல் நடத்திவரும் தெற்காசிய மாநாடு போன்றவற்றில், தனிக் கட்டுரையாகவும் விண்ணப்பிக்கலாம், மூன்று நான்கு பேர் சேர்ந்து முழு அமர்வாகவும் விண்ணப்பிக்கலாம். அமர்வு என்றால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சுருக்கம் தரவேண்டும். அதோடு மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் பொதுச் சுருக்கம் ஒன்றும் தரவேண்டும். இந்தப் பொதுச் சுருக்கத்துக்குப் பெரும்பாலும் 250, 300 சொல்தான் இடம். தேர்வுக் குழுவினர் முதலில் படிப்பது அதைத்தான். மூன்று கட்டுரைகளும் தனித்தனியே நன்றாக இருந்து, பொதுச் சுருக்கம் தளர்ந்திருந்தால் அமர்வு தள்ளுபடியாகும். அல்லது மூன்றும் பிரிக்கப்பட்டு, சம்பந்தமில்லாத வேறு கட்டுரைகளோடு ஒட்டப்படும்.

நம் மூவரும் எழுதும் முதல் வரைவு எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ‘1876–78 பஞ்சம் தென்னிந்திய வரலாற்றில் பெரும் பேரழிவு. இந்த அமர்வு அதை நிர்வாகம், இடப்பெயர்வு, இலக்கியம் ஆகிய கோணங்களில் ஆராய்கிறது. முதல் கட்டுரை… இரண்டாம் கட்டுரை… மூன்றாம் கட்டுரை…’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இது ஒரு தலைப்பைச் சொல்கிறதே தவிர, எதையும் கேட்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மூன்றில் ஒரு கட்டுரையைப் பற்றிய வாக்கியங்களை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். மேலே உள்ள வரைவில் இடப்பெயர்வை எடுத்துவிட்டு நிலவரியைச் சேர்த்தாலும் ஒன்றும் குறையாது. அப்படியானால் அந்தக் கட்டுரை அங்கே இருக்க வேண்டிய காரணம் இன்னும் எழுதப்படவில்லை.

காரணத்தை எங்கே தேடுவது? பலர் மேலே தேடுகிறார்கள். மூன்றையும் மூடுகிற அளவுக்குப் பெரிய கருத்தாக ஒன்றைப் பிடித்து, ‘காலனியமும் துயரமும்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மேலே போகப் போகக் கேள்வி வெளிறிக்கொண்டே போகும். நான் பரிந்துரைக்கும் வழி கீழே போவது. மூவரிடமும் ‘உங்கள் கட்டுரை எதைப் பற்றியது?’ என்று கேட்கக்கூடாது. ‘நீங்கள் கண்டது என்ன, ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அந்த வாக்கியத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்யவேண்டும்’ என்று கேட்கவேண்டும்.

முதலாமவர் எழுதுகிறார்: வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தோடு ஓர் அணா போதும் என்று கூலியைக் குறைத்தார், உழைக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அந்தக் கூலிக்கும் கடும் உடலுழைப்புக்கு ஒப்புக்கொண்டு வருகிறவரே உண்மையில் பசித்தவர் என்பது அரசின் கணக்கு.

இரண்டாமவர் எழுதுகிறார்: கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மலைநாடு வரை நடக்கவும், போய்ச்சேர்ந்து வேலை செய்து கடனை அடைக்கவும் தெம்புள்ளவர்களைத் தேடினார்.

மூன்றாமவர் எழுதுகிறார்: வில்லியப்ப பிள்ளையின் நூலில் பஞ்சத்தில் வாடுகிறவர்களுக்காக மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுகிறார்; பாணபத்திரருக்காகச் சேரமானுக்கு ஓலை எழுதிய பழைய மரபைப் புலவர் பஞ்ச காலத்துக்குக் கொண்டுவருகிறார்.

இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொண்டு வினைச்சொற்களை மட்டும் பார்க்கவேண்டும். குறைத்தார், தேடினார், எழுதுகிறார். மூன்றிலும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, ‘இவருக்குக் கொடுக்கலாம்’ என்றோ ‘கொடுக்கவேண்டும்’ என்றோ முடிவுசெய்கிறார். பஞ்சம் என்ற பொதுப்பெயரைவிட இது மிகக் குறுகலானது. அதனால்தான் பயன்படுகிறது. கேள்வி இப்படி அமைகிறது: பஞ்சத்தில் இன்னார் உதவிக்கு உரியவர் என்று யார் முடிவுசெய்தார்கள், எந்த அடையாளத்தை வைத்து?

கேள்வி கிடைத்ததும் அதை இன்னொரு சோதனைக்கு உட்படுத்தவேண்டும். மூன்று கட்டுரைகளும் அதற்கு ஒரே பதிலைத் தருகின்றனவா? தந்தால் ஒரே கட்டுரை போதும், அமர்வு தேவையில்லை. இங்கே பதில்கள் மோதுகின்றன. நிவாரண முகாமில், அற்பக் கூலிக்கு உழைக்கச் சம்மதிப்பது பசிக்குச் சாட்சி. கங்காணியிடம், உழைக்கத் தெம்பு இருப்பது கடன் திரும்பும் என்பதற்குச் சாட்சி. அதே உழைப்பு ஓரிடத்தில் இல்லாமையைக் காட்டுகிறது, இன்னோரிடத்தில் வலுவைக் காட்டுகிறது. திருமுகத்திலோ உழைப்புக்கே இடமில்லை; யார் எழுதிக் கொடுத்தார், யாருக்கு எழுதினார் என்பதே தகுதி. இந்த மோதலைக் கண்ட பிறகுதான் கட்டுரைகளின் வரிசையும் தானாக அமைகிறது. முகாம் முதலில், கங்காணி அடுத்து, ஏனென்றால் இரண்டாவது முதலாவதைப் புரட்டிப் போடுகிறது. நூல் கடைசியில், ஏனென்றால் அது இரண்டுக்கும் பொதுவான அடிப்படையையே விட்டுவிடுகிறது.

இப்போது எழுதலாம். இடத்தை நான் இப்படிப் பங்கிடுவேன்: கேள்விக்கு ஐந்தில் இரண்டு பங்கு அளவு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓரிரு வாக்கியம், சேர்ந்து என்ன தெரிகிறது என்பதற்கு மிச்சம். தமிழில் எழுதினால் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும்.

‘1877-இல் சென்னை மாகாண நிவாரண முகாமில் ஓர் ஆணின் நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அதற்கும் உழைக்கச் சம்மதித்தவரே பசித்தவர் என்று அரசு கொண்டது. ஆனால் பசித்தவர்கள் முகாமுக்கு மட்டும் போகவில்லை. கப்பலேறினார்கள், ஜமீன்தார்களிடம் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் வேறோர் அடையாளம் கேட்கப்பட்டது. பஞ்சத்தில் உதவிக்கு உரியவர் யார் என்று யார், எதை வைத்து முடிவுசெய்தார்கள் என்பதே இந்த அமர்வின் கேள்வி. முதல் கட்டுரை டெம்பிள் – கார்னிஷ் விவாதத்தைப் படித்து, குறைந்த கூலி எப்படிப் பசியை அளக்கும் கருவியாக வைக்கப்பட்டது என்று காட்டுகிறது. இரண்டாம் கட்டுரை இலங்கைக்கு ஆள் சேர்த்த கங்காணிகளைப் பின்தொடர்கிறது. அங்கே உழைக்கும் தெம்பு பசிக்கு அல்ல, கடனுக்குச் சாட்சியானது. மூன்றாம் கட்டுரை பஞ்சலட்சணத் திருமுகவிலாசத்தை எடுத்துக்கொண்டு, உடம்பைச் சோதிக்காமல் ஓலையை நம்பிய பழைய கொடை மரபைப் புலவர் ஏன் மீட்டெடுத்தார் என்று கேட்கிறது. மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, அரசின் அளவுகோல் அன்று புழங்கிய பல அளவுகோல்களில் ஒன்று என்பதும், ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் தவறலாம் என்பதும் தெரிகிறது.’

இதில் கவனிக்கவேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. சுருக்கம் ஒரு பொருளோடு தொடங்குகிறது: ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. ‘பஞ்சங்கள் வரலாறெங்கும் நிகழ்ந்துள்ளன’ என்று தொடங்கியிருந்தால் முதல் வாக்கியமே வீண். கடைசி வாக்கியம், மூன்று கட்டுரைகளில் எதுவும் தனியாகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்கிறது. ஒரே கட்டுரையின் முடிவு அங்கே திரும்ப வந்திருந்தால், மற்ற இரண்டும் அதற்குத் துணைக்கு நிற்பவை ஆகிவிடும். அந்த ஆசிரியர்களுக்கு அது அநியாயமும்கூட.

தவறு பெரும்பாலும் நடக்கும் இடம் நடுப்பகுதி. ஒருங்கிணைப்பாளர் கேள்வியில் மயங்கி, அதற்குப் பொருந்தும்படி சகாவின் கட்டுரையைத் திருத்தி எழுதிவிடுவார். ‘கங்காணிகள் மெலிந்தவர்களை நிராகரித்தார்கள்’ என்று எழுதினால் வாக்கியம் கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாமவரின் ஆவணங்களில் அதற்கு ஆதாரம் இல்லாமல் போகலாம். குடும்பம் குடும்பமாகப் போனவர்களும் உண்டு. அவர் சொன்னது கங்காணி யாரைத் தேடினார் என்பது மட்டும். அதனால் ஒவ்வொரு கட்டுரைக்குமான ஓரிரு வாக்கியங்களை அந்தந்த ஆசிரியரே படித்து ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொள்ளும்போது, தம் தனிச் சுருக்கத்திலும் அதே கேள்வி கண்ணில் படும்படி ஒரு வரி சேர்க்கவேண்டும். பொதுச் சுருக்கம் தகுதியைப் பற்றிக் கேட்க, இலக்கியக்காரரின் தனிச் சுருக்கம் யாப்பையும் நகைச்சுவையையும் மட்டும் பேசினால், தேர்வுக் குழு பொதுச் சுருக்கத்தைத்தான் சந்தேகிக்கும்.

சில நேரம் எவ்வளவு முயன்றாலும் மூன்றாவது ஒட்டாது. உதாரணமாக, அதே பஞ்ச நிவாரணத்தில் வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் பொறியியலைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தால், தகுதியைப் பற்றிய கேள்விக்கு அதில் பதில் இருக்காது. யாரை வேலைக்குச் சேர்த்தார்கள் என்ற பகுதி அதில் இருந்தால் அதை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். இல்லையென்றால் அவர் தனிக் கட்டுரையாக விண்ணப்பிப்பதே அவருக்கும் நல்லது. நண்பர் என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளும் கட்டுரை, ‘மேலும்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வந்து உட்காரும். அந்தச் சொல்லைக் கண்டாலே அங்கே இணைப்பு இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

விண்ணப்பித்ததற்கும் மாநாட்டுக்கும் இடையே மாதங்கள் ஓடிவிடும், கட்டுரைகள் மாறும். அமர்வுக்கு ஒன்றரை மணி, ஒன்றே முக்கால் மணிதான் கிடைக்கும். கட்டுரைக்கு இருபது நிமிடம் போனால், கருத்துரையாளருக்கும் கேள்வி கேட்பவர்களுக்கும் மிச்சம் அரைமணிக்குச் சற்று மேல். கட்டுரைகளைக் கருத்துரையாளருக்கு அனுப்பும்போது பொதுச் சுருக்கத்தையும் கூடவே அனுப்பி, அந்தக் கேள்விக்குத் தாம் சொல்லும் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் குறித்துத் தரவேண்டும். பக்கம் காட்ட முடியாதவர் கட்டுரையைத் திருத்த இன்னும் இரண்டு மூன்று வாரமாவது இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.