ஒரு ஸ்கேன் மறந்துபோனால் சம்பளத்தில் எவ்வளவு குறையும்? மாதச் சம்பளச் சரிபார்ப்புப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது?

மாதக் கடைசி. வங்கியில் சம்பளம் வந்துவிட்டது. ஆனால் போன மாதத்தைவிடக் குறைவு. "ஓவர்டைம் செஞ்சேனே, அது எங்கே போச்சு?" என்று நீங்களும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே செய்த தவறாக இருக்காது. வருகைப் பதிவில் நடந்த சின்னப் பிழை, ஓவர்டைம், பிடித்தம் என்று அடுத்தடுத்த கணக்குகளுக்கும் பரவிவிடுகிறது. சம்பளத்தை வங்கிக்கு அனுப்புவதற்கு முன் அதைப் பிடிப்பதற்குத்தான் சரிபார்ப்புப் பட்டியல்.

ஓர் எடுத்துக்காட்டு

பராமரிப்பு வேலை செய்யும் ஓர் இளம் சிங்கப்பூர்த் தமிழர். அடிப்படைச் சம்பளம் 2,288 வெள்ளி. வாரம் 5 நாள், மொத்தம் 44 மணி நேர வேலை. அந்த மாதத்தில் 22 வேலை நாள்கள்.

ஒருநாள் கூடுதலாக 4 மணி நேரம் வேலை பார்த்துவிட்டுக் களைப்பில் வெளியேறும்போது கார்டை ஸ்கேன் செய்ய மறந்துவிட்டார். உள்ளே வந்த நேரம் இருக்கிறது, வெளியேறிய நேரம் இல்லை. கணினி அந்த நாளையே 'வரவில்லை' என்று பதிந்துவிட்டது.

1. வருகை: பாதிப் பதிவுகளைத் தேடுங்கள்

சம்பளக் கணக்கைத் தொடங்கும் முன்பே, ஒரே ஒரு ஸ்கேன் மட்டும் உள்ள நாள்களைத் தனியாக எடுக்க வேண்டும். பிறகு வேலை அட்டவணையையும் விடுப்புப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டவணையில் பெயர் இருக்கிறது, விடுப்பு எடுக்கவில்லை, ஆனாலும் 'வரவில்லை' என்றால், மேற்பார்வையாளரிடம் கேட்காமல் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது.

இங்கே கேட்காமல் விட்டால் 2,288-ஐ 22 நாளால் வகுத்து, ஒருநாள் சம்பளமான 104 வெள்ளி கழிக்கப்படும்.

2. ஓவர்டைம்: மணி நேரமும் விகிதமும்

மேற்பார்வையாளர் ஒப்புதல் தந்த நேரத்தையும் ஸ்கேன் காட்டும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஒப்புதல் 16 மணி நேரம், கணினியில் 12 மணி நேரம். காணாமல்போன 4 மணி நேரம் அதே நாளுடையது என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது விகிதம். வேலை நியமனச் சட்டத்தின்படி ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளத்தைக் கணக்கிடும் முறை இது:

```
(12 × 2,288) ÷ (52 × 44) = 12
```

ஓவர்டைமுக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 18 வெள்ளி. 16 மணி நேரத்துக்கு 288 வெள்ளி. கணினி போட்டது 216 வெள்ளி மட்டுமே.

ஓவர்டைம் விதி எல்லாருக்கும் பொருந்தாது. உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரை. யாருடைய பெயருக்கு எதிரேயும் 72 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். ஒரு மாதத்தில் பொதுவாக அனுமதிக்கப்படும் ஓவர்டைம் அவ்வளவுதான்.

3. பிடித்தம்: கடைசியில்தான்

மொத்தச் சம்பளம் உறுதியான பிறகே பிடித்தங்களைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மொத்தம் மாறினால் இவையும் மாறும்.

பிழையோடு மொத்தம் 2,400 வெள்ளி. மத்திய சேமநிதிக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 480 வெள்ளி. சிண்டாவுக்கு 5 வெள்ளி. கைக்கு வருவது 1,915 வெள்ளி.

சரியான மொத்தம் 2,576 வெள்ளி. சேமநிதிக்கு 515 வெள்ளி. சம்பளம் 2,500-ஐத் தாண்டியதால் சிண்டாவுக்கு 7 வெள்ளி. கைக்கு வருவது 2,054 வெள்ளி.

ஒரு ஸ்கேன் மறந்ததற்கு 139 வெள்ளி போயிருக்கும். அதோடு முடியவில்லை. முதலாளி செலுத்தும் பங்கையும் சேர்த்தால் சேமநிதிக் கணக்கிலும் 65 வெள்ளி குறைந்திருக்கும். சம்பளச் சீட்டை மேலோட்டமாகப் பார்த்தால் அது கண்ணில் படாது.

4. அனுப்பும் முன் இன்னொரு ஜோடிக் கண்கள்

பட்டியலைத் தயாரித்தவரே ஒப்புதலும் தரக்கூடாது. ஒப்புதல் தருபவர் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டியதில்லை. இந்த மாதத் தொகையையும் போன மாதத் தொகையையும் ஒப்பிட்டு, அதிகம் மாறிய பெயர்களுக்கு மட்டும் காரணம் கேட்டால் போதும். ஆனால் மாதாமாதம் ஒரே அளவில் நடக்கும் பிழை இதில் சிக்காது. விகிதத்தைத் தனியாகச் சரிபார்ப்பது அதற்காகத்தான்.

நேரம் போதவில்லையா? சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தரவேண்டும். ஓவர்டைம் தொகைக்கு 14 நாள் வரை அவகாசம் உண்டு. ஓவர்டைமில் சந்தேகம் என்றால் சம்பளத்தை முதலில் கொடுத்துவிட்டு, அதைச் சரிபார்த்துப் பிறகு தரலாம்.

சம்பளம் வாங்குபவர் நீங்களா?

சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணி நேரமும் அதற்கான தொகையும் தனித்தனியே இருக்கவேண்டும். நீங்கள் கூடுதலாக வேலை பார்த்த நேரத்தைக் கைப்பேசியில் அன்றன்றே குறித்து வையுங்கள். ஸ்கேன் செய்ய மறந்த நாளில் மேற்பார்வையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் யாராவது கேட்டால், காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.